பழைய புத்தகத்தை இணையத்தில் விற்பது: எண், தரம், கட்டு, தபால்

பழைய புத்தகக் கடைக்குப் போகிறவர் புத்தகத்தைக் கையில் எடுத்துப் புரட்டுவார். பைண்டிங் பிரிந்திருக்கிறதா, கடைசிப் பக்கம் இருக்கிறதா, பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவார். இணையத்தில் வாங்குகிறவருக்கு இந்த வசதி இல்லை. விற்பவர் எழுதும் நாலு வரியையும் எடுத்துப் போடும் படங்களையும் நம்பி அவர் பணம் அனுப்புகிறார். அதனால் இணைய விற்பனையில் விற்பவர் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: இது எந்தப் பதிப்பு, இப்போது எந்த நிலையில் இருக்கிறது? மூன்றாவது கேள்வி தபால் செலவைப் பற்றியது. நூறு ரூபாய்ப் புத்தகத்தை அனுப்ப ஐம்பது ரூபாய் ஆனால் வியாபாரம் அங்கேயே நின்றுவிடும்.

இந்தியாவில் ஒருவர் தாம் வாங்கிய புத்தகத்தை மறுபடி விற்கப் பதிப்பாளரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, பிரதிகளை மக்களிடையே வெளியிடும் உரிமையை நூலின் உரிமையாளருக்குத் தருகிறது. ஏற்கனவே புழக்கத்துக்கு வந்துவிட்ட பிரதிகளை அதிலிருந்து விலக்குகிறது. ஆனால் இது முறையாக அச்சிட்டு வெளியான பிரதிகளுக்குத்தான் பொருந்தும். ஜெராக்ஸ் எடுத்துப் பைண்டு செய்ததும் திருட்டுப் பதிப்பும் பழையதானாலும் விற்கத் தகாதவை.

முதல் வேலை: எண்ணைப் பார்ப்பது

புத்தகத்தின் பின்னட்டையிலோ, தலைப்புப் பக்கத்தின் மறுபுறத்திலோ ஐஎஸ்பிஎன் என்ற எண் இருக்கும். 1960களில் பிரிட்டனில், பெரிய புத்தக விற்பனை நிறுவனமான டபிள்யூ. எச். ஸ்மித்தின் தேவைக்காக 9 இலக்க எண்ணாக இது உருவானது. 1970இல் 10 இலக்க சர்வதேசத் தர எண்ணாயிற்று. 2007 ஜனவரி முதல் 13 இலக்கம். ஆகவே பழைய புத்தகங்களில் 10 இலக்கமும் புதியவற்றில் 13 இலக்கமும் காணப்படும்.

13 இலக்க எண்ணில் முதலில் பெரும்பாலும் 978 வரும். அடுத்து வருவது நாட்டையோ மொழியையோ குறிக்கும் பகுதி. 81, 93 இரண்டும் இந்தியாவுக்கு உரியவை, 955 இலங்கைக்கு, 967, 983 மலேசியாவுக்கு, 981 சிங்கப்பூருக்கு. அதற்கு அடுத்தது பதிப்பகத்தின் எண், பிறகு நூலின் எண், கடைசியில் ஒற்றைச் சோதனை இலக்கம். ஒரு தமிழ் நூல் சென்னையில் அச்சானதா கொழும்பில் அச்சானதா என்று குழப்பம் வந்தால் இந்த எண்ணே பெரும்பாலும் விடை சொல்லிவிடும்.

சோதனை இலக்கத்துக்குத் தனிப் பயன் உண்டு. மங்கிப்போன அச்சில் 3ஐ 8 என்று படித்துவிட்டால் வேறு ஏதோ புத்தகத்தைத் தேடிக்கொண்டிருக்க வேண்டிவரும். அதைக் கண்டுபிடிக்கச் சின்னக் கணக்கு ஒன்று போதும். முதல் பன்னிரண்டு இலக்கங்களை வரிசையாக 1ஆலும் 3ஆலும் மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகையை அடுத்த பத்தின் மடங்காக்க எவ்வளவு வேண்டுமோ அதுவே கடைசி இலக்கம். 978-0-306-40615-7 என்ற எண்ணை எடுத்துக்கொண்டால் கணக்கு இப்படி வரும்:

```
9 + 21 + 8 + 0 + 3 + 0 + 6 + 12 + 0 + 18 + 1 + 15 = 93
100 - 93 = 7
```

கடைசி இலக்கம் 7 என்பதால் எண் பொருந்துகிறது. ஒரே ஓர் இலக்கம் தவறினாலும் கணக்கு இடித்துக் காட்டிவிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறியிருந்தாலும் பெரும்பாலும் தெரிந்துவிடும். அவற்றின் வித்தியாசம் 5ஆக இருந்தால் மட்டும் தப்பிவிடும். 10 இலக்க எண்ணை 13ஆக மாற்ற, முன்னால் 978 சேர்த்து, பழைய சோதனை இலக்கத்தை நீக்கிவிட்டுப் புதியதைக் கணக்கிட வேண்டும். பழைய எண்களில் கடைசியாக X என்ற எழுத்து வருவதுண்டு. அது 10ஐக் குறிக்கும். 13 இலக்க எண்ணில் X வராது.

எண் சரியென்று தெரிந்ததும் கூகுள் புக்ஸ் தேடலில் `isbn:9780306406157` என்பதைப்போல் இட்டுப் பார்க்கலாம். ஓப்பன் லைப்ரரி, வேர்ல்ட்கேட் ஆகிய பட்டியல்களிலும் தேடலாம். தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்க எண்ணிக்கை ஆகியவை கிடைக்கும். கிடைத்ததை அப்படியே எடுத்து ஒட்டாமல், கையிலுள்ள பிரதியோடு ஒப்பிட வேண்டும். காரணம், ஐஎஸ்பிஎன் ஒரு பதிப்புக்கும் ஒரு வகைக் கட்டுக்கும் உரியது. கெட்டி அட்டைக்கு ஓர் எண், சாதா அட்டைக்கு வேறு எண். இந்தியாவில் குறைந்த விலைக்கு வரும் கல்லூரிப் பாடநூல் பதிப்புக்கு மூலப் பதிப்பிலிருந்து வேறுபட்ட எண் இருக்கும். பல பாகம் கொண்ட நூலில் பாகத்துக்கு ஓர் எண்ணும் முழுத் தொகுதிக்கு இன்னோர் எண்ணும் இருக்கலாம். தொகுதியின் எண்ணை வைத்துத் தேடிவிட்டு, கையில் ஒரே பாகத்தை வைத்துக்கொண்டு முழுத் தொகுதியின் விலையைப் போட்டால் சண்டைதான் மிஞ்சும்.

இன்னொரு எல்லையும் உண்டு. மாற்றமில்லாமல் மறு அச்சாகும்போது எண் மாறாது. முதல் அச்சும் பத்தாவது அச்சும் ஒரே எண்ணோடு வரலாம். முதற்பதிப்பு என்று சொல்லி விற்க நினைப்பவர் எண்ணை நம்பாமல், தலைப்புப் பக்கத்தின் மறுபுறத்தில் உள்ள பதிப்பு விவரத்தைப் படமெடுத்துப் போட வேண்டும்.

எண் இல்லாத தமிழ்ப் புத்தகங்கள்

பழைய தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஐஎஸ்பிஎன் கிடையாது. இவற்றை விற்கும்போது அடையாளம் எழுத்தால்தான் தரப்பட வேண்டும். தலைப்பு, ஆசிரியர் பெயர் அச்சிட்டிருக்கும் வடிவம், பதிப்பகம், ஊர், எத்தனையாவது பதிப்பு, ஆண்டு, பக்கம், அச்சிட்ட விலை ஆகிய எட்டும் இருந்தால் தேடுகிறவருக்குச் சந்தேகம் வராது. தலைப்பைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் எழுதுவது நல்லது. வாங்குகிறவர்களில் பலர் ஆங்கில எழுத்தில்தான் தட்டித் தேடுகிறார்கள்.

ஆண்டுப் பக்கம் கிழிந்துபோன பிரதிகளுக்கு நூலகப் பட்டியல்கள் உதவும். சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூர் சேகரிப்பாளர் ஒருவர் வாழ்நாள் முழுவதும் தேடிச் சேர்த்த நூல்களிலிருந்து வளர்ந்தது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் பழைய நூல்களின் பக்கப் படங்களையே தருகிறது. இலங்கைத் தமிழ் நூல்களுக்கு நூலகம் என்ற பெயரிலேயே இயங்கும் மின்னூலகம் இருக்கிறது. பக்க எண்ணிக்கையும் அச்சகத்தின் பெயரும் ஒத்துப்போனால் எந்தப் பதிப்பு என்று ஓரளவு உறுதி செய்யலாம். ஒத்துப்போகாவிட்டால் "ஆண்டு தெரியவில்லை" என்று எழுதுவதே முறை.

தமிழ் வீடுகளுக்கே உரிய ஒரு வகை எந்தப் பட்டியலிலும் வராது. வார இதழில் வந்த தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, கடைசியில் காலிகோ துணி போட்டுப் பைண்டு செய்த தொகுப்புகள் அவை. கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வந்த பொன்னியின் செல்வனை மணியம் வரைந்த ஓவியங்களோடு இப்படிக் கட்டி வைத்த குடும்பங்கள் பல. புத்தகமாக வந்த பதிப்புகளில் எல்லா ஓவியங்களும் இருப்பதில்லை என்பதால் இவற்றைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். இவற்றை விற்கும்போது அத்தியாயங்கள் தொடர்ச்சியாக இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு வாரம் விட்டுப்போயிருப்பது சர்வசாதாரணம்.

தரம்: சொல்லும் அளவும்

பழைய புத்தகத்தின் நிலையைச் சொல்ல ஆளுக்கொரு சொல் இருந்தால் குழப்பம் தீராது. அமெரிக்கப் பழம்புத்தக வணிகர்களின் வார இதழான ஏபி புக்மேன்ஸ் வீக்லி 1949இல் சில சொற்களுக்குப் பொருள் வரையறுத்தது. இன்றுவரை உலகெங்கும் இணைய விற்பனையில் புழங்கும் தர வரிசை பெரும்பாலும் அதிலிருந்து வந்தது. தமிழில் சொன்னால் வரிசை இப்படி இருக்கும்: புதியது போல், நேர்த்தி, மிக நன்று, நன்று, சுமார், மோசம்.

வெளியாளைத் தடுமாற வைப்பது "நன்று" என்ற தரம். பேச்சு வழக்கில் அது பாராட்டு. வணிகத்தில் அது நடுத்தரம்: பல கை மாறித் தேய்ந்த, ஆனால் ஒரு பக்கமும் குறையாத புத்தகம் என்று பொருள். அதற்கு மேலுள்ள "மிக நன்று" தேய்மானத்தின் அடையாளம் லேசாகத் தெரியும், ஆனால் அட்டையிலோ தாளிலோ கிழிசல் இல்லாத பிரதி. "நேர்த்தி" என்பது புதியதின் மொடமொடப்பு மட்டும் போன, குறை எதுவும் சொல்ல முடியாத பிரதி. "சுமார்" என்றால் பாடம் முழுமை. முன்னால் உள்ள வெற்றுத் தாளோ அரைத்தலைப்புப் பக்கமோ இல்லாமல் இருக்கலாம். "மோசம்" என்பது படிக்க மட்டும் உதவும். அதிலும் எழுத்துப் பகுதி முழுதாக இருந்தாக வேண்டும். ஒரு பக்கம் இல்லாவிட்டாலும் அந்தக் குறையைத் தனியாக, முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும்.

தரத்தை முடிவு செய்யப் புத்தகத்தை ஒழுங்காகச் சோதிக்க வேண்டும். முதலில் அட்டையும் முதுகும்: மூலை மடிப்பு, வெயில் பட்டு நிறம் வெளுத்திருப்பது, முதுகில் வெடிப்பு. அடுத்து பைண்டிங்: நடுவில் திறந்தால் தாள்கள் கழன்று வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். பசை மட்டும் போட்டு ஒட்டிய சாதா அட்டைப் புத்தகங்களில் பசை உலர்ந்து இது சட்டென்று நேரும். நூல் தைத்தவை தாங்கும். பிறகு பக்க எண்களைத் தொடர்ச்சியாகப் புரட்ட வேண்டும். எழுதிய பெயர், அடிக்கோடு, பேனாவா பென்சிலா, எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வரை என்பதெல்லாம் குறித்துக்கொள்ள வேண்டியவை.

கடைசியாகத் தாள். மலிவான மரக்கூழ்த் தாளில் லிக்னின் என்ற பொருள் இருக்கும். அது வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பேறும். தாளிலுள்ள அமிலம் நாரை அறுத்து நொறுங்க வைக்கும். வெறும் பழுப்பு வயதின் அடையாளம்தான். தரத்தைப் பெரிதாகக் குறைக்காது. ஓரத்தை மெதுவாக வளைத்தாலே ஒடிந்தால் அது வேறு விஷயம். அப்படிப்பட்ட புத்தகம் தபாலில் போய்ச் சேருவதற்குள் ஓரங்கள் உதிர்ந்துவிடும் என்பதால் "தாள் நொறுங்கும்" என்று எழுதித்தான் விற்க வேண்டும்.

கடலோர ஊர்களில் ஈரமும் பூச்சியும் பெரிய பகை. அலை அலையாகச் சுருங்கிய தாள் எப்போதோ நனைந்ததைக் காட்டும். சாம்பல் நிறப் பொடியும் புழுங்கிய நெடியும் பூஞ்சையின் அடையாளங்கள். படத்தில் நெடி தெரியாது. விற்பவர் சொன்னால்தான் உண்டு. இராமபாணம் துளைத்த பழைய ஓட்டை வேறு, இப்போதும் உயிரோடு இருக்கும் பூச்சி வேறு. புத்தகத்தை வெள்ளைத் தாளின் மேல் தட்டும்போது புதிதாகத் தூள் உதிர்ந்தால் பூச்சி உள்ளே வேலை செய்துகொண்டிருக்கலாம். அதை மற்ற புத்தகங்களோடு சேர்த்து அனுப்பினால் வாங்குபவரின் அலமாரியும் போய்விடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி, குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் இரண்டு வாரம் வைத்து எடுப்பது வீட்டில் செய்யக்கூடிய சிகிச்சை. வெளியே எடுத்த பிறகு பை சாதாரண வெப்பத்துக்கு வந்ததும்தான் திறக்க வேண்டும். இல்லையென்றால் தாளில் நீர் கோத்துக்கொள்ளும்.

முத்திரைகளுக்கும் கவனம் தேவை. லெண்டிங் லைப்ரரி முத்திரை தரத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். பொது நூலகம் அல்லது கல்லூரி நூலக முத்திரை இருந்து, பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதற்கான முத்திரை இல்லையென்றால் அது திருட்டுப் பிரதியாக இருக்கலாம்; அதை விற்காமல் நூலகத்திடம் திருப்பித் தருவதே சரி.

நல்ல குறிப்பு ஒன்று எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரி: "தரம்: நன்று. மூன்றாம் பதிப்பு, 1987, 212 பக்கம், சாதா அட்டை. மேல் மூலை மடிந்துள்ளது. முதல் பக்கத்தில் மையால் எழுதிய பெயர். 40 முதல் 52 வரை பென்சில் அடிக்கோடு. தாள் பழுப்பு, நொறுங்கவில்லை. எல்லாப் பக்கமும் உள்ளது. ஈரம், பூச்சி இல்லை." இதோடு முன்னட்டை, பின்னட்டை, முதுகு, பதிப்பு விவரப் பக்கம், மிக மோசமான குறை ஆகிய ஐந்து படங்கள் போதும். குறையை மறைத்து எடுத்த படம், பிறகு திரும்பி வரும் புத்தகத்துக்கு இருவழித் தபால் செலவாக முடியும்.

விலைக்கு மேல்வரம்பு எது?

விலை வைக்கும் முன் பார்க்க வேண்டியது, அந்தப் புத்தகம் இன்னும் அச்சில் இருக்கிறதா என்பது. அச்சில் இருந்தால் புதுப் பிரதியின் விலைதான் மேல்வரம்பு. சென்னைப் புத்தகக் காட்சியில் பத்து சதவீதத் தள்ளுபடி வழக்கமாகக் கிடைக்கும். எனவே 200 ரூபாய்ப் புத்தகம் வாசகர் மனத்தில் 180 ரூபாய்தான். பழைய பிரதியின் விலையும் தபாலும் சேர்ந்து அதற்குக் கணிசமாகக் கீழே நின்றால்தான் யாரும் கேட்பார்கள். கல்கியின் படைப்புகள் நாட்டுடைமையானவை என்பதால் பொன்னியின் செல்வனைப் பல பதிப்பகங்கள் போட்டி போட்டுக் குறைந்த விலைக்கு விற்கின்றன. அதன் சாதாரணப் பழைய பிரதிக்கு அதிக விலை எதிர்பார்க்க முடியாது.

அச்சில் இல்லாத நூலுக்கு இந்த மேல்வரம்பு கிடையாது. அதற்காக இணையத்தில் ஒருவர் 3,000 ரூபாய் என்று போட்டிருப்பதைப் பார்த்து அதே விலையைப் போடுவது பயன் தராது. அது கேட்கும் விலை. அந்த விலைக்கு விற்காததால்தான் அந்தப் புத்தகம் இன்னும் பட்டியலில் கிடக்கிறது. விற்று முடிந்த விலைகளைக் காட்டும் வசதி எங்கே இருக்கிறதோ அங்கே பார்ப்பதே உண்மையான அளவு. அதுவும் கிடைக்காதபோது, வேறு வேறு விற்பவர்கள் கேட்கும் விலைகளில் மிகக் குறைந்ததை எடுத்துக்கொண்டு, தர வித்தியாசத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கலாம்.

வழிகாட்டி நூல்கள், போட்டித் தேர்வு நூல்கள், சட்ட நூல்கள் ஆகியவற்றுக்குத் தரத்தைவிட ஆண்டு முக்கியம். பாடத்திட்டம் மாறினால் புதியது போல் இருக்கும் பிரதியும் எடைக்குத்தான் போகும்.

மலிவுத் தபால்

இந்தியாவில் பழைய புத்தகம் விற்பவர்கள் நெடுங்காலம் நம்பியிருந்தது பதிவு நூல் அஞ்சல். அஞ்சல் துறை அதை 2024 டிசம்பரில் நிறுத்தியது. அதற்குப் பதிலாக 2025 மே 1 முதல் ஞான் போஸ்ட் என்ற சேவை வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், 500 கிராம் வரை 25, ஒரு கிலோ வரை 35, இரண்டு கிலோ வரை 50, மூன்று கிலோ வரை 65, நான்கு கிலோ வரை 80, ஐந்து கிலோ வரை 100 என்று கட்டணம் அறிவிக்கப்பட்டது. வரி தனி. தரைவழியில்தான் போகும் என்பதால் தூரத்து ஊர்களுக்கு நாள் பிடிக்கும். ஆனால் எங்கே இருக்கிறது என்று எண்ணை வைத்துப் பார்க்கலாம்.

சலுகைக்கு நிபந்தனைகள் உண்டு. பாடநூல்கள், போட்டித் தேர்வு நூல்கள், சமூக, பண்பாட்டு, சமய நூல்கள் ஆகியவற்றுக்கானது இது. அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் நூலில் இருக்க வேண்டும். வணிக வெளியீடுகளும், குறிப்பிட்ட கால இடைவெளியில் வரும் இதழ்களும் சேராது. பிற நூல்களின் பட்டியல் போன்றவை தவிர விளம்பரம் இருக்கக் கூடாது. பழைய வார இதழ்களையும் மாத நாவல் இதழ்களையும் விற்க நினைப்பவர்கள் இதில் இடறி விழுகிறார்கள்: அளவில் புத்தகம் போல இருந்தாலும் மாதாமாதம் வருவது இதழ்தான். கதைப் புத்தகம் விஷயத்தில் தபால் நிலையக் கவுன்டரில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. சேராதவை சாதாரணப் பார்சலிலோ தனியார் கூரியரிலோ போக வேண்டும். அங்கே செலவு கூடும் என்பதால் விலையையும் அதை வைத்தே போட வேண்டும். பொட்டலத்துக்குள் கடிதமோ வேறு பொருளோ வைக்காமல் இருப்பது பாதுகாப்பு.

கட்டாக விற்பதன் கணக்கு

மேலே சொன்ன கட்டணத்தைப் பார்த்தாலே ஒன்று தெரியும். எடை இரட்டிப்பாகும்போது கட்டணம் இரட்டிப்பாவதில்லை. முதல் 300 கிராமுக்கு 20 ரூபாய். ஒரு கிலோவிலிருந்து ஐந்து கிலோ வரை ஒவ்வொரு கூடுதல் கிலோவுக்கும் 15 அல்லது 20 ரூபாய்தான். மலிவான புத்தகங்களைக் கட்டாக விற்பதன் நியாயம் இதில்தான் இருக்கிறது.

ஆறு கட்டுரை நூல்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் 280 கிராம். புதுப் பிரதியின் விலை 100 ரூபாய். கையிலுள்ள பிரதிகளின் தரம் நன்று. ஒன்றுக்கு 40 ரூபாய் எதிர்பார்க்கிறார் விற்பவர். தனியாக அனுப்பினால் பொட்டலம் கட்டியதும் எடை 300 கிராமைத் தாண்டிவிடும். தபால் 25, உறைக்கும் அட்டைக்கும் 10. மொத்தம் 75 ரூபாய். தள்ளுபடியில் புதுப் பிரதியே 90க்குக் கிடைக்கும்போது, பதினைந்து ரூபாயை மிச்சப்படுத்த யாரும் பழையதை வாங்கமாட்டார்கள். ஆறையும் தனித்தனியே விற்றால் வாங்குகிறவர்களுக்கு மொத்தம் 450 ரூபாய் ஆகும். அதில் விற்பவர் கைக்கு வருவது 240.

இப்போது ஆறையும் ஒரே கட்டாக்கினால் புத்தகங்களின் எடை 1,680 கிராம். அட்டையும் காகிதமும் சேர்த்து 1,830. இரண்டு கிலோ வரம்புக்குள் இருப்பதால் தபால் 50 ரூபாய். பொட்டலச் செலவு 25. தபாலிலும் பொட்டலத்திலும் சேர்ந்து 135 ரூபாய் மிச்சம். இதை இருவரும் பங்கிட்டுக்கொள்ளலாம். "ஆறு நூல்கள், தபால் சேர்த்து 330 ரூபாய்" என்று விலை போட்டால், வாங்குகிறவருக்கு ஒன்று 55 ரூபாய்க்குக் கிடைக்கிறது. விற்பவருக்கு 75 போக 255 ரூபாய் நிற்கிறது. தபால் நிலையத்துக்கு ஒரே நடை. தள்ளுபடியின் பெரும்பகுதி விற்பவர் பையிலிருந்து போகவில்லை என்பதே இந்தக் கணக்கின் சாரம்.

ஏழாவது புத்தகத்தைச் சேர்த்தால் எடை 2,100ஐத் தாண்டி, தபால் 65 ஆகிவிடும். ஒரு புத்தகத்துக்கான தபால் எட்டு ரூபாய்ச் சொச்சத்திலிருந்து ஒன்பதுக்கு மேல் ஏறுகிறது. ஒன்பது புத்தகங்களாக்கினால் அதே 65 ரூபாயில் புத்தகத்துக்கு ஏழு ரூபாய்ச் சொச்சம்தான். ஆகவே கட்டு என்பது ஆறாகவோ ஒன்பதாகவோ இருக்கலாம். ஏழாக இருப்பது நட்டம். கட்டின் அளவைத் தலைப்புகளின் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யாமல் தராசை வைத்து முடிவு செய்ய வேண்டும். எடை வரம்புக்கு ஐம்பது, அறுபது கிராம் கீழேயே நிறுத்திக்கொள்வது நல்லது. வீட்டுத் தராசும் தபால் நிலையத் தராசும் எப்போதும் ஒத்துப்போகா.

எதையும் எதோடும் கட்டினால் விற்காது. ஒரே ஆசிரியர், ஒரே துறை, ஒரே வகுப்பு என்று ஒரு வாசகருக்கு எல்லாமே வேண்டியதாக இருக்க வேண்டும். ஆறில் நான்கு ஏற்கனவே வைத்திருப்பவர் கட்டை வாங்கமாட்டார். அதனால் எல்லார் வீட்டிலும் இருக்கும் நூல்களைக் கட்டில் குறைத்துக்கொள்வது நல்லது. அரிய நூல் ஒன்று கட்டுக்குள் போய்விட்டால் மற்றவற்றின் விலைக்கே அதுவும் போய்விடும். எனவே கட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் தேடிப் பார்த்து, தனியாக நல்ல விலை போகக்கூடியதை ஒதுக்கிவிட வேண்டும். தரத்தைச் சராசரியாக எழுதுவதும் தவறு. ஐந்து மிக நன்று, ஒன்று சுமார் என்றால் அந்த ஒன்று எது என்பதையும் சொல்ல வேண்டும்.

பல பாகத் தொகுதிக்குச் சட்டம் வேறு. ஐந்து பாகமும் ஒரே பதிப்பகம், ஒரே அளவு, ஒரே ஆண்டு என்றால் அது செட். வெவ்வேறு பதிப்பகங்களின் பாகங்களைச் சேர்த்து ஐந்தாக்கியது செட் ஆகாது. அலமாரியில் உயரம் கூட ஒத்துவராது. ஒரு பாகம் இல்லாத தொகுதி பெரும்பாலும் பாதி விலைக்கும் போகாது. அதை உடைத்து, வேறு யாருக்கோ குறைந்துபோன பாகமாகத் தனித்தனியே விற்பதில் சில சமயம் நல்ல விலை கிடைக்கும்.

பொட்டலம்

தபாலில் புத்தகத்துக்கு நேரும் சேதம் பெரும்பாலும் மூலைகளிலும் ஈரத்தாலும்தான். முதலில் கட்டை முழுவதும் பிளாஸ்டிக் தாளால் சுற்றி ஒட்ட வேண்டும். மழைக்காலத்தில் இது இல்லாமல் அனுப்பக் கூடாது. முதுகுகளை ஒருமுறை இடப்பக்கமும் ஒருமுறை வலப்பக்கமும் மாற்றி அடுக்கினால் கட்டு சரியாமல் நிற்கும். மேலும் கீழும் புத்தகத்தைவிட ஒரு சென்டிமீட்டர் பெரிய நெளியட்டைத் துண்டு வைத்தால், விழும்போது அட்டையின் மூலை அடி வாங்கும், புத்தகத்தின் மூலை தப்பும். சணலை நேரடியாகப் புத்தகத்தின் மேல் இறுக்கினால் ஓரம் வெட்டுப்படும். அட்டைக்கு மேல்தான் கட்ட வேண்டும். உள்ளே புத்தகங்கள் அசையக் கூடாது. அசைந்தால் அவை ஒன்றையொன்று தேய்த்து, மிக நன்று என்று கிளம்பியது நன்று என்று போய்ச் சேரும்.

பணம் கைக்கு வந்த பிறகே அனுப்புவது வழக்கம். கட்டுவதற்கு முன் புத்தகங்களையும், ஒட்டிய பிறகு முகவரியோடு பொட்டலத்தையும், தபால் நிலைய ரசீதையும் படமெடுத்து வாங்கியவருக்கு அனுப்பிவிட வேண்டும். சேதம் வந்தால் அது வழியில் நேர்ந்ததா, முன்பே இருந்ததா என்ற கேள்விக்கு இந்தப் படங்கள்தான் சாட்சி. குறிப்பில் சொல்லாத குறை இருந்தது என்று வாங்கியவர் படத்தோடு காட்டினால், விலையோடு தபால் செலவையும் திருப்பித் தருவது முறை.

இந்த வியாபாரத்தில் பெரிய லாபம் மிக அரிதாக வரும். நூறு ரூபாய்க்குக் கீழே விற்கும் புத்தகத்தில் வருமானம் விலையை ஏற்றுவதால் வராது. எடையைச் சரியாகக் கட்டுவதாலும், திரும்பி வராத அளவுக்குத் தரத்தை உள்ளபடி எழுதுவதாலும்தான் வரும். தபால் கட்டணம் மாறக்கூடியது. எனவே விலை போடுவதற்கு முன் அன்றைய கட்டணத்தைத் தபால் நிலையத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.